ஒரு தீபாவளி விளம்பரம், நாலு நாட்டு வாசகர்கள்: சலுகை வாசகத்தை மாற்றி எழுதும் முறை

கும்பகோணம், மாயவரம் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இப்போது யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தமிழ் தெரியும்தானே என்று ஒரே வாசகத்தை அனுப்பினால் சில இடங்களில் பொருளே மாறிவிடும். ஒரு விளம்பரத்தை எடுத்து மாற்றிப் பார்ப்போம்.

> தீபாவளி ஆஃபர்! திருபுவனம் பட்டுப் புடவைகளுக்கு 20% தள்ளுபடி. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 ரூபாய் கூப்பன். அக்டோபர் 10 வரை மட்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்யுங்கள்.

முதல் படி: எதெல்லாம் மாறும் என்று கோடிடுங்கள்

பொருளின் பெயர், தள்ளுபடி, பணம், கூப்பன், தேதி, ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள். இவற்றைக் கோடிட்டால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். 20% என்பதைக் குறியாகவே விடுங்கள். எழுத்தில் எழுதினால் இங்கே சதவீதம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் விழுக்காடு.

இரண்டாம் படி: இலங்கை வாசகம்

அதிகம் மாறுவது இதுதான். நாம் புடவை என்பது அங்கே பொதுவாகத் துணி என்ற பொருளிலும் வழங்கும். புடவைக் கடை என்றால் ஜவுளிக் கடை. அதனால் சேலை என்று போடுங்கள், அது எல்லா நாட்டிலும் செல்லும். தள்ளுபடிக்கு அங்கே விலைக்கழிவு. பணத்தை ரூபா என்றுதான் எழுதுவார்கள். ஆனால் வெறும் 5,000 ரூபா என்று போட்டுவிடாதீர்கள். படிப்பவர் தன் நாட்டுப் பணம் என்றே எடுத்துக்கொள்வார். இந்திய ரூபாயின் மதிப்போ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். "இந்திய ரூபா" என்று முழுதாக எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வழி இருக்கிறது. நாம் டாக்டர், டாலர் என்று ஆகாரமாக எழுதும் இடத்தில் அவர்கள் டொக்டர், டொலர் என்று எழுதுவார்கள். அந்த வரிசையில் ஆர்டர் ஓடர் ஆகும், அக்டோபர் ஒக்டோபர் ஆகும். வாட்ஸ்அப் அங்கே வட்ஸ்அப்.

> தீபாவளி விசேட சலுகை! திருபுவனம் பட்டுச் சேலைகளுக்கு 20% விலைக்கழிவு. 5,000 இந்திய ரூபாவுக்கு மேல் வாங்கினால், அடுத்த முறை 500 இந்திய ரூபா குறைக்கப்படும். ஒக்டோபர் 10 வரை மாத்திரம். வட்ஸ்அப்பில் ஓடர் செய்யுங்கள்.

கனடாவுக்கு அனுப்பவும் இதையே அடிப்படையாக வைக்கலாம். அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்கள். பணத்தைக் கனேடிய டொலருக்கு மாற்றினால் சரி.

மூன்றாம் படி: சிங்கப்பூர், மலேசியா

சிங்கப்பூரில் டாலருக்கு வெள்ளி என்ற சொல்தான் வழக்கம். கடைக்காரர் கொடுக்கும் கூப்பனுக்கு அங்கே பற்றுச்சீட்டு என்பார்கள். இந்தச் சொல்லை மட்டும் இலங்கை வாசகத்துக்குள் விட்டுவிடாதீர்கள். அங்கே பற்றுச்சீட்டு என்றால் பணம் கட்டியதற்கான ரசீது. "500 ரூபா பற்றுச்சீட்டு தருகிறோம்" என்றால் என்ன லாபம் என்று யாருக்கும் புரியாது. அதனால்தான் மேலே "அடுத்த முறை குறைக்கப்படும்" என்று விரித்து எழுதினேன்.

> தீபாவளிச் சலுகை! திருபுவனம் பட்டுச் சேலைகளுக்கு 20% தள்ளுபடி. 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வாங்கினால் 8 வெள்ளி பற்றுச்சீட்டு. சிங்கப்பூர் நேரப்படி அக்டோபர் 10 இரவு 11.59 வரை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்யுங்கள்.

நேரத்தைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே நள்ளிரவு ஆகும்போது கும்பகோணத்தில் இரவு ஒன்பதரைதான். எந்த ஊர் நேரம் என்று எழுதாவிட்டால் சலுகை முடிந்ததா இல்லையா என்று வாக்குவாதம் வரும். இலங்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை, நம் நேரம்தான்.

மலேசியாவுக்குப் பணம் ரிங்கிட். தள்ளுபடியை அங்கே கழிவு என்றும் சொல்வார்கள், நீங்களும் போடலாம். ஆனால் அந்த வாசகத்தை அப்படியே நகல் எடுத்துத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். "தீபாவளிக் கழிவு" என்று படித்தால் இங்கே குப்பைதான் நினைவுக்கு வரும்.

நாலாம் படி: பண்டிகையின் பெயர்

தீபாவளிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆடிக்கு உண்டு. காவிரிக் கரையில் நமக்கு ஆடிப்பெருக்கு, ஆடித் தள்ளுபடி எல்லாம் சொன்னதும் விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஆடி முதல் நாள் வரும் ஆடிப்பிறப்புதான் பெரிது, ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் செய்வார்கள். அங்கே போகும் விளம்பரத்தில் பதினெட்டாம் பெருக்கைத் தலைப்பாக்காமல், சலுகை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசிப் படி: அந்த ஊர்க்காரரிடம் காட்டுங்கள்

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். வாசகத்தை அனுப்பி மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன பொருளுக்குச் சலுகை, எவ்வளவு பணத்துக்கு வாங்க வேண்டும், எப்போது முடிகிறது? பதிலில் தப்பு வந்தால், அந்தக் கேள்விக்குரிய சொல்லை அவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டு அதையே போடுங்கள்.