பவுன் 5 லட்சம் ஆகுமா? வாட்ஸ்அப் செய்தியை நம்பும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

"அடுத்த தீபாவளிக்குள் ஒரு பவுன் 5 லட்சம். கையில் இருக்கிற பணத்துக்கெல்லாம் இப்போதே வாங்கி வையுங்கள்." இப்படிப்பட்ட குரல் பதிவுகள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டதும் சீட்டை அவசரமாகத் தள்ளி எடுக்கிறார்கள். சிலர் இருக்கிற நகையை அடகு வைத்துப் புது நகை வாங்குகிறார்கள். அதனால் இதை ஒரு வதந்தி என்று கடந்து போய்விட முடியாது. எங்கே தவறு நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதல் தவறு, எந்த எடைக்கு, எந்தத் தரத்துக்குச் சொன்ன விலை என்று கேட்காமல் விடுவது. வேலூர் லாங் பஜார் நகைக் கடைகளின் பலகையில் நாம் பார்ப்பது 22 காரட் தங்கத்தின் விலை. ஒரு பவுன் என்றால் 8 கிராம். ஆனால் மும்பை வணிகச் செய்திகளிலும் எம்சிஎக்ஸ் என்ற பொருள் வணிகச் சந்தையிலும் வருவது 10 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை. ஒரு பவுன் 22 காரட்டில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான் இருக்கிறது. எனவே 10 கிராம் சுத்தத் தங்கம் 1,36,000 ரூபாய் என்று செய்தி வந்தால், பவுன் கிட்டத்தட்ட 1 லட்சம் என்று அர்த்தம். அந்த எண்ணை அப்படியே எடுத்து "பவுன் 1,36,000" என்று தமிழில் போட்டுவிட்டால், ஒரே நாளில் 36 ஆயிரம் ஏறிய மாதிரி தெரியும். நகை பில்லைப் படம் எடுத்துப் போடுவதும் இதே கதைதான். அதில் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்திருக்கும். அது தங்கத்தின் சந்தை விலை ஆகாது.

இரண்டாவது தவறுதான் பெரியது. பவுன் விலையை அதன் மூலத்துக்குத் திருப்பிப் பார்ப்பதில்லை. வேலூர் கடைகள் சென்னை விலையைப் பின்பற்றுகின்றன. சென்னை விலை உலகச் சந்தையின் அவுன்ஸ் விலை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றையும் ஒட்டியே நகர்கிறது. ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அந்த 6 சதவீதத்தை வைத்து, 31.1 கிராமை 8 கிராமாக்கி, 22 காரட்டுக்கும் மாற்றினால் கணக்கு அழகாக ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. அவுன்ஸ் விலையை ரூபாயாக்கி நாலால் வகுத்தால் பவுன் விலை.

சரிபார்த்துவிடுவோம். 2025 அக்டோபர் 8 அன்று அவுன்ஸ் சுமார் 4,040 டாலர், டாலர் சுமார் 88.80 ரூபாய். பெருக்கினால் ஏறக்குறைய 3,58,750. நாலால் வகுத்தால் 89,700. அன்று சென்னையில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. சில நூறு ரூபாய் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வரியை அரசு மாற்றினால் வகுக்கிற எண்ணும் மாறும். வரி 15 சதவீதம் என்றால் நாலுக்குப் பதில் 3.7 போட வேண்டும்.

இப்போது வாட்ஸ்அப் செய்தியைத் தலைகீழாகப் போடுங்கள். பவுன் 5 லட்சம் என்றால் அவுன்ஸ் 20 லட்சம் ரூபாய். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22,000 டாலருக்கு மேல். தங்கம் பிரமாதமாக ஏறிய 2025-ஆம் ஆண்டு முழுவதிலும் டாலர் கணக்கில் உயர்வு சுமார் 64 சதவீதம். அதற்கு முன் அவ்வளவு ஏறிய ஆண்டு 1979. அந்த ஆண்டில்கூட விலை இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. 2025 அக்டோபரில் இருந்த 4,000 டாலரிலிருந்து 22,000 என்றால் ஐந்து மடங்குக்கு மேல். இதுவரை தோண்டி எடுத்த தங்கம் மொத்தம் சுமார் 2,16,000 டன் என்று உலகத் தங்கக் கவுன்சில் கணக்கிட்டிருக்கிறது. 22,000 டாலர் விலையில் அதன் மதிப்பு 150 லட்சம் கோடி டாலரைத் தாண்டும். 2024-இல் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் உற்பத்தி செய்ததே சுமார் 110 லட்சம் கோடி டாலர்தான்.

"டாலர் ஏறினால் ஆகாதா?" என்று கேட்பார்கள். ஆகும். அவுன்ஸ் 4,000 டாலரிலேயே நின்றால், டாலர் 500 ரூபாய்க்குப் போக வேண்டும். 2011 நடுவில் 45 ரூபாயாக இருந்த டாலர் 90-ஐத் தொட்டது 2025 டிசம்பரில். அந்த இரட்டிப்புக்கே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மூன்றாவதாக, நிபுணர் சொன்னார் என்று வருவதில் பெயரும் கெடுவும் கழன்றுபோயிருப்பதைக் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் எட் யார்டெனி, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவுன்ஸ் 10,000 டாலர் ஆகலாம் என்று 2025-இல் சொன்னார். துணிச்சலான கணிப்புதான். ஆனால் அதையே நாலால் வகுத்தால், டாலர் 90 ரூபாயில், பவுன் 2,25,000. அதுவும் 2030 வாக்கில். கணிப்பு பலிக்குமா என்பது வேறு கேள்வி. அதையும் மிஞ்சிய ஒரு விலை அடுத்த தீபாவளிக்கே வரும் என்பவர், சொன்னது யார், எந்தத் தேதியில் சொன்னார் என்றாவது காட்ட வேண்டும்.

ஏறுகிற கோட்டை அப்படியே நீட்டி வரைவதும் ஒரு தவறு. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. இரண்டரை ஆண்டுக்குள் 300-க்குக் கீழே வந்தது. மறுபடி 850-ஐப் பார்க்க 2008 ஆனது. 2011 செப்டம்பரில் 1,900-ஐ ஒட்டிப் போனது, 2015 டிசம்பரில் 1,050 அளவுக்கு இறங்கியது. அந்தக் காலத்தில் ரூபாயும் சரிந்ததால் நம் ஊர் பவுன் விலையில் அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால்தான் "தங்கம் இறங்கியதே இல்லை" என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். 2025 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்ததும் இந்தப் பெரிய ஏற்றத்தின் நடுவில்தான்.

அன்றைய நிலவரத்தைப் பார்க்க அதிகம் தேட வேண்டியதில்லை. இந்திய விலைக்கு ibjarates.com தளத்தில் ஒரு நாளுக்கு இரண்டு முறை வெளியாகும் விலை இருக்கிறது. அது ஜிஎஸ்டி சேராத விலை. உலக விலைக்கு லண்டன் சந்தையின் lbma.org.uk. தேதியையும் சேர்த்துப் பாருங்கள், பழைய படங்கள் புதிது போல் மறுபடி மறுபடி வரும்.

கடன் வாங்கி நகை வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1 லட்ச ரூபாய் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் 10 சதவீதம் என்று வைத்தால் 1,10,000. ஜிஎஸ்டியோடு 1,13,300. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 13,600 ரூபாய் போகும். ஆகச் செலவு சுமார் 1,27,000. விற்கும்போது செய்கூலியும் வரியும் திரும்பி வராது. எனவே ஓராண்டில் பவுன் விலை 27 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும், அதுவும் கடைக்காரர் எதுவும் பிடிக்காமல் எடுத்துக்கொண்டால்.