555 புத்தகம் திரும்பி வந்த கதை

சுங்கை சிப்புட்டில் ஓர் அண்ணனின் மளிகைக்கடைக்குக் கடன் கணக்குச் செயலி எழுதினேன். முதல் பட்டியலில் 14 வசதிகள்: சரக்கு இருப்பு, மாத அறிக்கை, வாட்ஸ்அப் நினைவூட்டல், இன்னும் என்னென்னவோ. மூன்று மாதம் ஓடியும் முடிந்தபாடில்லை.

அப்புறம்தான் உறைத்தது. கல்லாவில் ஆள் நிற்கும்போது அண்ணன் போனை எடுத்துப் பதிவாரா? அது தெரியாமல் மற்றதெல்லாம் வீண். ஒவ்வொரு வசதியையும் 'ஒரு மாதம் இதைக் கையால் சமாளிக்க முடியுமா?' என்று கேட்டு வடிகட்டினேன். நினைவூட்டலை அண்ணனே அனுப்பலாம்; இருப்பு அலமாரியைப் பார்த்தாலே தெரியும். மிஞ்சியது பெயர், தொகை, பாக்கி. இரண்டு வாரத்தில் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால், போன் பக்கத்தில் கடன் எழுதும் பழைய 555 புத்தகம்!

"தம்பி, 18 வெள்ளிக்கு 81னு தட்டிட்டேன். மாத்த வழியில்லையே, அதான் இதுல எழுதுறேன்."

திருத்தும் வசதியை 'பிறகு' பக்கம் தள்ளியது நான்தான். அதைக் கையால் சமாளிக்கவே முடியாது. பாக்கி ஒருமுறை தப்பானால் செயலியை யார் நம்புவார்? அதை மட்டும் சேர்த்தேன். தவறான பதிவு அழியாது; குறுக்கே கோடு விழும், தொகை பாக்கியில் சேராது. புத்தகத்தில் அடிப்பது போலவேதான்.

555 புத்தகம் இழுப்பறைக்குள் போய்விட்டது. மாத அறிக்கையை அண்ணன் இன்னும் கேட்கவே இல்லை.