லெக் டே செய்தால் அரை மரதன் ஓடலாமா?

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர் அரை மரதனுக்குத் தயாரானார். வாரத்தில் மூன்று நாள் மரீன் டிரைவில் 5 கிலோமீற்றரை மூச்சிரைக்க 28 நிமிடத்தில் ஓடி முடிப்பார், ஒரு நாள் ஜிம்மில் லெக் டே. "கால் நல்ல பலமா இருக்கு, ஆனா 8 கிலோமீற்றர் தாண்டினா உயிர் போகுது" என்பார். கொழும்பில் ஓடப் பழகுகிற பாதிப் பேருடைய கதை இதுதான்.

முதல் தவறு, லெக் டேயை ஓட்டப் பயிற்சியின் கணக்கில் சேர்ப்பது. ஸ்குவாட், லஞ்ச், லெக் பிரஸ் என்று 12 செட், செட்டுக்கு 40 விநாடி என்றால் கால் தசை உண்மையில் வேலை செய்தது மொத்தமே 8 நிமிடம். மீதி நேரம் ஓய்வு, போன் பார்ப்பது. அந்த 8 நிமிடமும் வீண் என்று சொல்லவில்லை. பாரம் தூக்கும்போது தசைநாரில் விழும் இழுவிசை, சுருங்குகிற புரதங்களை அதிகமாகக் கட்டச் சொல்கிறது, அதனால் நார் தடிக்கிறது. அதற்கு முன்பே, முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் கூடுதல் நார்களை ஒன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆனால் நார் தடிக்கிற வேகத்துக்கு, உள்ளே ஒட்சிசனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் இழைமணிகள், அதாவது மைட்டோகாண்ட்ரியா, பெருகுவதில்லை. இருப்பவை பெரிய இடத்தில் ஐதாகப் பரவிக் கிடக்கும்.

நீண்ட ஓட்டத்தில் நடப்பது வேறு. தசை ஆயிரக்கணக்கான தடவை மெல்லச் சுருங்கும்போது, ஒவ்வொரு தடவையும் நாருக்குள் கல்சியம் வெளியாகிறது, சக்தி இருப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து PGC-1α என்ற புரதத்தை முடுக்கிவிட, அது இழைமணிக்கு வேண்டிய மரபணுக்களைத் திறக்கிறது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஹொலோஸி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது, கால் தசையில் இழைமணியின் நொதியங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. கூடவே, மணிக்கணக்கில் வேகமாகப் பாயும் இரத்தம் குழாய்ச் சுவரை உரசுவதும், தசை சுரக்கும் VEGF என்ற புரதமும் புதிய மயிர்த்துளைக் குழாய்களை முளைக்க வைக்கின்றன. நாரைச் சுற்றிக் குழாய் கூடினால் ஒட்சிசன் கடக்க வேண்டிய தூரம் குறையும், இரத்தமும் அங்கே சற்று நின்று நிதானமாகப் போகும். இழைமணி கூடினால் அதே வேகத்தில் கொழுப்பு அதிகம் எரியும், தசையில் சேமித்து வைத்த மாப்பொருளான கிளைக்கோஜன் மிஞ்சும். 8 கிலோமீற்றருக்குப் பிறகு உயிர் போகாமல் இருப்பதற்கு இதுதான் தேவை.

இரண்டாவது தவறுதான் பெரியது, எல்லா ஓட்டத்தையும் ஒரே அரைக்கடின வேகத்தில் ஓடுவது. கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் இடைவெளிப் பயிற்சியும் இழைமணியைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை, நிமிடக் கணக்கில் பார்த்தால் அதற்குத்தான் பலன் அதிகம் என்றும் சொல்லலாம். ஆனால் கடினமான ஓட்டம் எதையும் நிறைய நேரம் செய்ய முடியாது. நம்மவருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 84 நிமிடம்தான், அதற்கு மேல் கூட்டப் போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிறகு மாற்றினார்: 45 நிமிட மெதுவோட்டம் இரண்டு, ஞாயிறு 75 நிமிடம், ஒரு நாள் மட்டும் 4 நிமிட வேக ஓட்டம் நான்கு தடவை. வார்ம் அப் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 நிமிடம் தாண்டியது. ஞாயிறு ஓட்டம் ஏன் நீளம் என்றால், மெதுவாக ஓடும்போது முதலில் வேலை செய்வது மெதுநார்கள், அவை களைத்த பிறகுதான் மற்ற நார்கள் கைகொடுக்க வரும். அவற்றுக்கும் அங்கே பயிற்சி கிடைக்கிறது.

மெதுவோட்டம் என்றால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இங்கே மணிக்கூட்டில் வேகத்தைப் பார்த்து ஓடுவது மூன்றாவது தவறு. கொழும்புப் புழுக்கத்தில் இரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடும், இதயத் துடிப்பு தானாக ஏறும். காலை 5 மணிக்குச் சுகமாக ஓடிய வேகத்தை 8 மணிக்கும் பிடிக்க நினைத்தால் மெதுவோட்டம் கடின ஓட்டமாகிவிடும். துடிப்பு ஏறியதால் தசைக்கு அதிகப் பயிற்சி கிடைத்தது என்றும் எண்ண வேண்டாம், அந்த ஏற்றம் பெரும்பாலும் சூட்டின் வேலை. முன்னேற்றம் தெரிய வேண்டுமா? அதே பாதை, அதே விடிகாலை, அதே துடிப்பு, வேகம் மட்டும் கூடியிருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். தொடையை அளந்து பார்த்துப் பயனில்லை, இந்த மாற்றத்தில் தொடை பெருக்காது.

அப்புறம், ஜிம்மை விட வேண்டாம். கடினமான ஓட்டமும் கனமான ஸ்குவாட்டும் அடுத்தடுத்து வராமல் பிரித்துப் போட்டால் போதும். நிறுத்தினால் எது முதலில் போகும் என்பதையும் தெரிந்து வையுங்கள்: பலம் சில வாரம் தாங்கும், இழைமணி ஓரிரு வாரத்திலேயே குறையத் தொடங்கும். புதுவருடத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாரத்தை விட்டுவிட்டுப் போகலாம், சப்பாத்தைக் கொண்டு போங்கள்.