பாரிஸ் கார்னர் கோர்ட்டுக்கும் பத்திர ஆபீஸுக்கும் பைக்ல போறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

சென்னையில ஹைகோர்ட் வளாகத்துல கேஸ் இருந்தாலும் சரி, ராஜாஜி சாலையில பத்திரம் பதியப் போனாலும் சரி, பைக்ல வர்றவங்க முக்கால்வாசி பேர் பண்ற முதல் தப்பு, கேட்டு வாசல் வரைக்கும் வண்டியக் கொண்டு போயிடலாம்னு நம்பி கிளம்புறதுதான். உள்ள வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டுன வண்டிக்கே இடம் பத்தாது, கேஸுக்கு வர்ற கட்சிக்காரங்க வண்டிக்கு எங்க இருக்கும். வாசல்ல திருப்பி விட்டதும் என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கும் தம்பு செட்டி தெருவுக்கும் நடுவுல ஒன்வே போர்டு பாத்துப் பாத்து சுத்துறதுலயே அரை மணி நேரம் போயிடும், அந்த அரை மணி நேரத்துலதான் உங்க கேஸைக் கூப்பிடுவாங்க.

நேரக் கணக்குலயும் தப்பு நடக்குது. கோர்ட் 10.30க்கு உக்காருதுன்னு 10 மணிக்கு பாரிஸ் வந்து சேர்ற மாதிரி கிளம்புவாங்க. ஆனா ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரக் கடைங்க திறக்குறதும் அதே நேரம்தான், கடைக்காரங்க வண்டி, வேலைக்கு வர்ற பசங்க வண்டி, லோடு இறக்குற குட்டி யானை, மீன்பாடி வண்டி எல்லாம் சேர்ந்து தெரு நிரம்பிடும். ஒன்பது, ஒன்பதேகாலுக்கு வந்தா அதே லிங்கி செட்டி தெருவுல ஓரமா இடம் கிடைக்கும். போதாததுக்கு ஹைகோர்ட்டுக்குள்ள 2015லேர்ந்து சி.ஐ.எஸ்.எஃப். பாதுகாப்பு, செக்கிங் க்யூல நின்னு ஐடி காட்டித்தான் உள்ள போகணும், அந்த நேரத்தையும் சேத்துக்கோங்க.

சரி, சீக்கிரமே வந்துட்டீங்க, தெரு காலியா இருக்கு, ஒரு கடை ஷட்டர் மூடியிருக்கு, அதுக்கு முன்னாடி நிறுத்திடுறீங்க. மாட்டிக்கிறதே இங்கதான். பத்தரைக்கு ஷட்டர் தூக்குவாங்க, லோடு வரும், வண்டிய நகர்த்தியே ஆகணும். ஹேண்டில் லாக் போட்டிருந்தா தரதரன்னு இழுத்துத்தான் ஓரம் தள்ளுவாங்க, கண்ணாடி உடையும், இண்டிகேட்டர் போகும், யாரையும் கேக்கவும் முடியாது. அப்புறம் முன்னாடி ரெண்டு வரிசை வண்டி நின்னுடும், மதியம் வெளிய வந்தா எடுக்க முடியாது. அதனால ஷட்டர் வாசல், படிக்கட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், ஏற்கனவே கயிறு கட்டி வச்ச இடம் இதெல்லாம் வேண்டாம். ஏற்கனவே பைக் வரிசையா நிக்குற இடத்துல, வரிசையோட கடைசியில, சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்பக்கம் ரோட்டப் பாத்த மாதிரி நிறுத்துங்க. பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட "அண்ணே, மதியம் வரைக்கும் நிக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அவர் சொல்றது போர்டுல எழுதுனதவிட சரியா இருக்கும்.

நோ பார்க்கிங்ல விட்டு தூக்கிட்டுப் போனா, 2022ல ஏத்துன கணக்குப்படி முதல் தடவைக்கு 500, மறுபடி மாட்டினா 1500 ரூபா, அது போக டோயிங் சார்ஜ். வண்டி காணோம்னா உடனே திருட்டுன்னு முடிவு பண்ணாம, பக்கத்து சிக்னல்ல நிக்குற டிராஃபிக் போலீஸ்கிட்ட மொதல்ல கேளுங்க. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் வேணும், சாட்சி கையெழுத்துக்கு மாமாவையோ சித்தப்பாவையோ கூட்டிட்டு வர்றவங்க இத மறந்துடுறாங்க, அதுக்கு 1000 ரூபா.

என்னக் கேட்டா, வண்டிய வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன்லயே போடுறதுதான் சரி. தாம்பரத்துலேர்ந்து ஒருத்தர் வீடு வாங்கி 11 மணி டோக்கன்ல பத்திரம் பதிய ராஜாஜி சாலை வர்றார்னு வச்சுக்கோங்க. ஸ்டேஷன் ஸ்டாண்டுல எட்டேகாலுக்கு பைக்க விட்டா, பீச் லோக்கல் ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து சேர்த்துடும், இறங்குனா எதுத்தாப்புலயே ராஜாஜி சாலை, சப்வே வழியா கடந்துடலாம். ஹைகோர்ட்டுக்கு மெட்ரோ, ஸ்டேஷன் பேரே ஹைகோர்ட். மழைக்காலத்துல இது இன்னும் முக்கியம், ஏன்னா கையில மூலப் பத்திரம் இருக்கும். அத பைக் சீட்டுக்கு அடியில வச்சுப் பூட்டிட்டு டீ குடிக்கப் போறதப் பாத்தாலே பதறுது. தண்ணி உள்ள இறங்கும், பூட்டும் சாதாரணப் பூட்டுதான். ஒரிஜினல் எப்பவும் பிளாஸ்டிக் கவர் போட்டு தோள்பையிலதான் இருக்கணும்.

இவ்வளவு பண்ணியும் லேட் ஆகுதுன்னு தெரிஞ்சா, பார்க்கிங் தேடிட்டே இருக்காம ஓரமா நிறுத்தி மொதல்ல வக்கீலுக்கு போன் போடுங்க. கேஸைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சா அவர் பாஸ் ஓவர் கேப்பார், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கூப்பிட வாய்ப்பு இருக்கு. கிரிமினல் கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவரே நீங்களா இருந்து, கூப்பிட்டப்ப நீங்களும் இல்ல, மனுவும் போடலைன்னா வாரண்ட் வரைக்கும் போகலாம். சிவில்ல எக்ஸ்பார்ட்டி ஆக்கிடுவாங்க, அதாவது நீங்க இல்லாமலே கேஸை நடத்திடுவாங்க. பத்திர ஆபீஸ்னா பத்திரம் எழுதுனவருக்கு சொல்லுங்க, விக்கிறவர் கைரேகை வைக்க வந்து காத்திட்டிருப்பார், அவரக் கிளம்ப விடாம பிடிச்சு வைக்க யாராவது வேணும்.