முப்பத்தேழு வேலை, ஒரே ஒரு ஸ்லைடு: ரோட்மேப் போடறது எப்படி

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன தேயிலை விவசாயிகள் குழு, இலைய ஃபேக்டரிக்கு கொடுத்துட்டு அவங்க சொல்ற ரேட்ட வாங்கிட்டு வர்றதுக்கு பதிலா நாமளே சின்னதா ஒரு கிரீன் டீ யூனிட் போட்டா என்னன்னு ஆரம்பிச்சாங்க, அதுக்கு பேங்க்ல காட்ட ரோட்மேப் ஸ்லைடு ஒண்ணு வேணும்னு என்கிட்ட வந்தாங்க. நான் வழக்கம்போல எக்செல்ல இருந்த முப்பத்தேழு வேலையையும் அப்படியே கலர் கலரா பார் போட்டு, நடுவுல அம்புக்குறி எல்லாம் விட்டு எடுத்துட்டு போனேன். குழு செக்ரட்டரி அக்கா ஒரு நிமிஷம் பாத்துட்டு "என்ன தம்பி இது, ஸ்வெட்டர் பின்ற பேட்டர்னா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல, எனக்கே அதுல எது முக்கியம்னு சட்டுனு சொல்ல தெரியல.

திரும்ப முதல்ல இருந்து போட்டேன். எப்படி போட்டேன்னு அதே கேஸ வெச்சே சொல்றேன், பவர்பாயிண்ட் திறந்து வெச்சுட்டு கூடவே செஞ்சு பாருங்க.

1. முதல்ல மைல்ஸ்டோன பொறுக்கணும்

"கட்டட வேலை" மைல்ஸ்டோன் இல்ல, அது மூணு மாசம் ஓடற வேலை. "கூரை முடிஞ்சுது" தான் மைல்ஸ்டோன். நான் வெச்சிருக்கற டெஸ்ட் ரொம்ப சிம்பிள்: அந்த தேதில யாராவது வந்து "ஆச்சா?"ன்னு கேட்டா ஆமா இல்லன்னு ஒரே வார்த்தைல பதில் வரணும், கைல காட்ட ஒரு பேப்பரோ பொருளோ இருக்கணும். "பாதி ஆச்சு"ன்னு பதில் வந்தா அது இந்த ஸ்லைடுக்கு ஆகாது, எக்செல்லயே இருக்கட்டும்.

இப்படி சலிச்சதுல முப்பத்தேழுல எட்டு தான் நின்னுச்சு. பிளான் அனுமதி ஏப்ரல் 15, லோன் முதல் தவணை மே 30, மெஷின் ஆர்டர் ஜூன் 5, கூரை ஆகஸ்ட் 20, மெஷின் வந்து இறங்கறது செப்டம்பர் 5, த்ரீ ஃபேஸ் மீட்டர் செப்டம்பர் 25, ஃபுட் லைசென்ஸ் அக்டோபர் 10, முதல் சரக்கு வெளிய போறது அக்டோபர் 31. வேலி போடறது, பெயின்ட், போர்டு எழுதறது எல்லாம் போச்சு. தலைவர் அண்ணாவுக்கு போர்டு போனதுல கொஞ்சம் வருத்தம் தான்.

2. எது எதுக்காக காத்திருக்குதுன்னு எழுதி, அதுல பாதிய அடிக்கணும்

ஸ்லைடு கூட்டமா ஆகறதுக்கு நிஜ காரணம் பார் இல்ல, அம்பு தான். அதனால ஸ்லைடுல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல "இது முடிஞ்சா தான் அது"ன்னு ஜோடி ஜோடியா எழுதுங்க. எங்களுக்கு பதினாலு ஜோடி வந்துச்சு.

இப்ப அதுல சுத்தி வளைச்சு ஏற்கனவே சொல்லியாச்சுன்னு இருக்கறத அடிங்க. பிளான் அனுமதி வந்தா தான் லோன், லோன் வந்தா தான் கூரை, அப்படின்னா "பிளான் வந்தா தான் கூரை"ன்னு தனியா ஒரு அம்பு எதுக்கு? பிளான்ல இருந்து மெஷின் ஆர்டருக்கும் மீட்டருக்கும் போறது, கூரைல இருந்தும் ஆர்டர்ல இருந்தும் நேரா முதல் சரக்குக்கு போறதுன்னு மொத்தம் அஞ்சு இப்படி காலி. மிச்சம் ஒன்பது. ஒண்ணு அடிக்கும்போது அந்த வழிய விரல் வெச்சு நடந்து பாத்துடுங்க, நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போனா அந்த அம்பு தேவை தான்னு அர்த்தம்.

3. வரிசையா பிரிக்கணும், எந்த வரிசை எங்கன்னு யோசிக்கணும்

எட்டையும் மூணு வரிசைல போட்டேன்: அனுமதியும் பணமும், மெஷின், கட்டடமும் கரண்டும். ஒரே வரிசைல அடுத்தடுத்து இருக்கற ஜோடிக்கு அம்பே வேணாம், இடமிருந்து வலமா ஒரு கெட்டி கோடு இழுத்தா போதும். பிளான்–லோன், ஆர்டர்–மெஷின் வர்றது, மெஷின்–முதல் சரக்கு, கூரை–மீட்டர்னு நாலு அம்பு இதுல குறைஞ்சுது.

இங்க ஒரு பொறி இருக்கு. முதல் வரிசைல லோனுக்கு அடுத்து ஃபுட் லைசென்ஸ் வருது, ஆனா லைசென்ஸுக்கும் லோனுக்கும் சம்பந்தமே இல்ல. கோட்ட நேரா இழுத்துட்டா லோன் லேட்டானா லைசென்ஸும் லேட்டாகும்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால அந்த இடத்துல மட்டும் கோட்ட வெட்டி விட்டுடுங்க. கோடு இருந்தா காத்திருக்குது, இல்லன்னா இல்ல, பாக்கறவங்களுக்கு இத ஒரு தடவ சொன்னா போதும்.

மிச்சம் அஞ்சு அம்பு, எல்லாம் வரிசை விட்டு வரிசை தாவறது. நான் முதல்ல கட்டடத்த நடுவுல வெச்சேன், லோன்–ஆர்டர், லைசென்ஸ்–முதல் சரக்கு ரெண்டும் கட்டட வரிசைய குத்திட்டு கீழ போச்சு. மெஷின நடுவுக்கு மாத்தினதும் லோன்–கூரை ஒண்ணு மட்டும் தான் தாவுது. அத வரையவே இல்ல, கூரை பேருக்கு கீழ சின்னதா "லோன் வந்த பிறகு"ன்னு எழுதிட்டேன். ஆக மொத்தம் நாலு அம்பு, பதினாலுல இருந்து.

4. இப்ப தான் வரையணும்

பவர்பாயிண்ட் அகல ஸ்லைடு 33.87 செ.மீ அகலம். இடது பக்கம் வரிசை பேருக்கு 5.5 செ.மீ விட்டுட்டு, மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஒன்பது மாசத்துக்கு மாசம் 3 செ.மீ வெச்சா 27, வலது பக்கம் கொஞ்சம் மூச்சு விட இடமும் கிடைக்கும். (கூகுள் ஸ்லைட்ஸ்ல அகலம் 25.4 தான் வரும், அங்க மாசத்துக்கு 2.25ன்னு வெச்சுட்டு மத்த அளவையும் முக்கால் ஆக்கிக்கோங்க.)

மைல்ஸ்டோனுக்கு 0.6 செ.மீ டைமண்ட். மௌஸ்ல தள்ளி தள்ளி கண்ணால வைக்காதீங்க, அப்படி வெச்சா ஆகஸ்ட் 20 எப்ப பாத்தாலும் செப்டம்பர்ல போய் உக்காந்திருக்கும். கணக்கு இது தான்:

```
இடம் = 5.5 + 3 × (முடிஞ்ச மாசம் + தேதி/30) − 0.3
```

கூரைக்கு மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் அஞ்சு மாசம் முடிஞ்சுது, கூட 20/30, அதாவது 5.67. மூணால பெருக்கினா 17, கூட்டி கழிச்சா 22.2. டைமண்ட் மேல ரைட் கிளிக் பண்ணி `Size and Position` போய் `Horizontal position`ல அந்த நம்பர அடிங்க. அந்த 0.3 எதுக்குன்னா, பவர்பாயிண்ட் இடது ஓரத்த தான் அளக்கும், நமக்கு நடுப்புள்ளி தான தேதில நிக்கணும்.

பேரும் தேதியும் டைமண்டுக்கு வலது பக்கம், ரெண்டு லைன், 14 பாயிண்ட். மேலயும் கீழயும் எழுதாதீங்க, அது அம்பு வர்ற வழி.

அம்புக்கு `Insert > Shapes`ல `Connector: Elbow Arrow` எடுங்க. டைமண்ட் கிட்ட கொண்டு போனா நாலு முனைலயும் புள்ளி தெரியும், அது மேலயே விடணும். ஒட்டிக்கிச்சுன்னா முனை பச்சையா இருக்கும், வெள்ளையா இருந்தா ஒட்டல, நாளைக்கு டைமண்ட நகத்தினா அம்பு அங்கயே அனாதையா நிக்கும். கீழ் வரிசைக்கு போறது கீழ் முனைல கிளம்பி மேல் முனைல இறங்கட்டும், மேல போறதுக்கு தலைகீழா. இப்படி போட்டா அம்போட படுக்கை பகுதி ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்கற காலி இடத்துல விழும், விழலன்னா மஞ்சள் புள்ளிய பிடிச்சு தள்ளுங்க.

லோன் மே 30, ஆர்டர் ஜூன் 5, ரெண்டுக்கும் நடுவுல அரை செ.மீ தான், அந்த அம்பு ஒடிஞ்ச குச்சி மாதிரி அசிங்கமா இருந்துச்சு. ரெண்டையும் ஒரே நேர்கோட்டுல வெச்சுட்டேன். தேதி தான் பக்கத்துல எழுதியிருக்கே, ஆறு நாள் வித்தியாசத்த யாரும் ஸ்கேல் வெச்சு அளக்க மாட்டாங்க.

5. ரெண்டே கலர், ஒரு மழை

மீட்டர் வந்த பிறகு மெஷின ஓட்டி பாத்து சரக்கு எடுக்க அஞ்சு வாரம், அதனால தான் அக்டோபர் 31. மெஷின் செப்டம்பர் 5லயே வந்துடுது, ஆனா கரண்ட் இல்லாம சும்மா தான் நிக்கும், அதாவது மெஷின் இருபது நாள் லேட்டா வந்தாலும் கடைசி தேதி அசையாது. அசைக்கறது பிளான், லோன், கூரை, மீட்டர் இந்த நாலு தான். இந்த நாலும் கடைசி டைமண்டும் கரும்பச்சை, மிச்சமெல்லாம் சாம்பல். வரிசைக்கு ஒரு கலர்னு போடற ஆசைய விட்டுடுங்க, வரிசைக்கு ஏற்கனவே பேர் இருக்கு.

அப்புறம் மழை. கோத்தகிரில வடகிழக்கு பருவமழை அடிச்சா எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேணாம். அது வேலையும் இல்ல மைல்ஸ்டோனும் இல்ல, ஆனா கூரை அதுக்குள்ள முடியணும். அதுக்கு அம்பு கிம்பு வேணாம், அக்டோபர் 1ல இருந்து நவம்பர் கடைசி வரைக்கும் ஒரு வெளிர் நீலப் பட்டை, எல்லாத்துக்கும் பின்னால (`Send to Back`). கூரை டைமண்டுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆறு வாரம் இருக்குதுன்னு பாத்தாலே தெரியும்.

தலைப்புல "திட்ட ரோட்மேப்"னு எழுதாதீங்க, அது எந்த ஸ்லைடுலயும் ஒட்டும். நாங்க எழுதினது "லோனும் மீட்டரும் தேதில வந்தா அக்டோபர் 31ல முதல் சரக்கு".

6. ஒரு தடவ உடைச்சு பாருங்க

லோன் டைமண்ட மூணு வாரம், அதாவது 2.1 செ.மீ வலது பக்கம் தள்ளுங்க. ஒட்டின அம்பு கூடவே இழுபடணும். இழுபட்ட அம்பு இப்ப பின்பக்கமா ஆர்டருக்கு திரும்பும், அப்ப ஆர்டரையும் தள்ளணும்னு ஸ்லைடே காட்டுது. கூரை செப்டம்பர் 10, மீட்டர் அக்டோபர் 16, முதல் சரக்கு நவம்பர் 21னு போகும். வரையாம எழுத்துல விட்ட லோன்–கூரைய மட்டும் நீங்க தான் ஞாபகம் வெச்சு தள்ளணும், அது இந்த முறைல இருக்கற குறை, அதனால அந்த மாதிரி ஒண்ணுக்கு மேல விடாதீங்க. பாத்துட்டு Ctrl+Z அடிச்சுடுங்க. அப்புறம் பிளாக் அண்ட் ஒயிட்ல ஒரு ஏ4 பிரிண்ட் எடுத்து பாருங்க, கரும்பச்சையும் சாம்பலும் ஒண்ணா தெரிஞ்சா சாம்பல இன்னும் வெளுக்கணும்.

பேங்க்ல மேனேஜர் முதல்ல கேட்டதே "நாங்க லேட் பண்ணா என்ன ஆகும்?"னு தான். அக்கா எழுந்து ஸ்கிரீன் கிட்ட போய் கூரைல இருந்து நீலப் பட்டை வரைக்கும் விரல வெச்சு "ஆறு வாரம் தாங்கும் சார், அதுக்கு மேல போனா மழைல தான் கான்கிரீட் போடணும்"னாங்க. நான் எதுவுமே பேசல. முப்பத்தேழு வேலையும் அடுத்த ஸ்லைடுல டேபிளா இருந்துச்சு, யாரும் திறக்க சொல்லல.

இப்ப மாசம் ஒரு தடவ அப்டேட் பண்றோம். தேதி மாறினா பழைய டைமண்ட அழிக்காம உள்ள கலர் இல்லாம வெறும் கோடா விட்டுட்டு, புதுசா ஒண்ணு வெச்சு அம்ப அதுக்கு மாத்தி ஒட்டறோம். பிளான் அனுமதி பன்னிரண்டு நாள் தள்ளிப்போச்சு, அந்த வெத்து டைமண்ட் இன்னும் ஏப்ரல் 15ல உக்காந்திருக்கு.