850 வந்தாச்சு, 856 அனுப்புவது எப்படி? இடிஐ புதியவர்களுக்கு

கரூர் துண்டு, பெட்ஷீட்டை அமெரிக்காவில் ஒரு கோடவுனில் வைத்துக்கொண்டு அங்குள்ள பெரிய கடைச் சங்கிலிகளுக்கு நேரடியாக சப்ளை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கடைகளின் ஆர்டர் மெயிலில் வராது. எக்ஸ்12 வடிவத்தில், 850 என்ற எண்ணுள்ள கோப்பாக வரும். சரக்கு கிளம்பியதும் எந்தப் பெட்டியில் எது, எத்தனை என்று சொல்லும் 856-ஐ நாம் அனுப்ப வேண்டும். இதைத்தான் ஏஎஸ்என் என்பார்கள். லாரி அவர்கள் வாசலுக்குப் போவதற்கு முன் அது போய்ச் சேராவிட்டால் அபராதத்தை நம் பில்லில் கழித்துவிடுவார்கள்.

1. இணைப்பு

கோப்பு போக, வர இரண்டு வழி உண்டு. கோப்புகளை வாங்கி அந்தப் பக்கம் சேர்க்கும் வேன் எனப்படும் நெட்வொர்க் நிறுவனத்தை நடுவில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஏஎஸ்2 மூலம் நேரடியாக இணையலாம். ஒரே ஒரு கடைக்குத்தான் சப்ளை என்றால் என் ஓட்டு ஏஎஸ்2-க்கு. இலவசமாகக் கிடைக்கும் ஓபன்ஏஎஸ்2 போதும். வாடிக்கையாளர்கள் கூடக்கூட வேன் வசதி. ஏஎஸ்2 என்றால் அதன் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

2. 850-ஐப் பிரிப்பது

`BEG` வரியில் ஆர்டர் எண், `PO1` வரிகளில் பொருள்கள்.

```
BEG*00*SA*4500712**20250310~
PO1*1*48*EA*6.75**UP*614141007349~
```

48 துண்டு, ஒன்று 6.75 டாலர், கடைசியில் பார்கோடு எண். அவ்வளவுதான். கோப்பு கிடைத்ததும், கிடைத்தது என்று சொல்லும் 997-ஐ அனுப்பிவிடுங்கள்.

3. 856-இல் `HL` அடுக்கு

பெரும்பாலும் வேலை நிற்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். 48 துண்டை இரண்டு பெட்டியில் 24, 24 ஆகக் கட்டியிருக்கிறோம். ஷிப்மெண்ட்டுக்குள் ஆர்டர், ஆர்டருக்குள் பெட்டி, பெட்டிக்குள் பொருள்.

```
HL*1**S~
HL*2*1*O~
PRF*4500712~
HL*3*2*P~
MAN*GM*00006141410000002511~
HL*4*3*I~
LIN**UP*614141007349~
SN1**24*EA~
HL*5*2*P~
MAN*GM*00006141410000002528~
HL*6*5*I~
LIN**UP*614141007349~
SN1**24*EA~
CTT*6~
```

(லாரி, முகவரி வரிகளை விட்டிருக்கிறேன், அவை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு மாதிரி.)

`HL`-இல் முதல் எண் வரிசை எண், இரண்டாவது அது யாருக்குக் கீழே இருக்கிறது என்பது. இரண்டாவது பெட்டியைப் பாருங்கள்: `HL*5*2*P`. அதன் தாய் ஆர்டர், அதாவது 2. முந்தைய வரியைப் பார்த்து 4 என்று போடும் புரோகிராம்கள் நிறைய உண்டு. அப்படிப் போட்டால் பெட்டி, துண்டுக்குள் இருப்பதாக அர்த்தம் வரும். ஒரே பெட்டியோடு டெஸ்ட் செய்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. அதனால் டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு பெட்டி வையுங்கள். `CTT`-இல் வருவது மொத்த `HL` எண்ணிக்கை.

4. பெட்டி எண்

`MAN`-இல் இருப்பது எஸ்எஸ்சிசி. முதல் 00 இது எஸ்எஸ்சிசி என்பதற்கான அடையாளம், மீதி 18 இலக்கம்தான் எண். அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் 17 இலக்கங்களை இடமிருந்து 3, 1, 3, 1 என்று பெருக்கிக் கூட்டுங்கள். மேலே முதல் பெட்டிக்கு 59 வரும். அடுத்த பத்தின் மடங்குக்கு இன்னும் 1 வேண்டும், அதனால் கடைசி இலக்கம் 1. இரண்டாவது பெட்டிக்குக் கூட்டல் 62, இலக்கம் 8.

பெட்டியில் ஒட்டும் லேபிளிலும் இதே எண்தான் இருக்க வேண்டும். லேபிள் ஒரு மென்பொருளிலும் 856 இன்னொன்றிலும் தயாரானால் என்றைக்காவது இரண்டும் வேறாகும். இரண்டுக்கும் ஒரே டேபிளிலிருந்து எண்ணை எடுங்கள்.

5. அனுப்பிய பிறகு

அவர்களிடமிருந்து 997 வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது இலக்கணம் சரி என்று மட்டும்தான் சொல்கிறது. ஆர்டர் எண்ணே தப்பாக இருந்தாலும் 997 ஏற்றுக்கொண்டதாக வரலாம். அந்த மாதிரி தப்புகளைச் சில கடைகள் 824 கோப்பில் சொல்லும், சில தங்கள் போர்ட்டலில் போடும். இரண்டையும் தினமும் பார்க்க ஒரு ஆளை வையுங்கள்.

பின்சேர்க்கை (கமெண்ட்டில் வந்தவை)

"`~` வைத்துப் பிரித்தேன், மொத்தக் கோப்பும் ஒரே வரியாக வருகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்லாக் கடையும் `~` போடாது. `ISA` வரி எப்போதும் 106 எழுத்து நீளம். அதில் 4-ஆவது எழுத்து பிரிப்பான், 106-ஆவது வரி முடிக்கும் குறி. அந்த இரண்டையும் கோப்பிலிருந்தே படித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொருவருக்கு எல்லாப் பெட்டி எண்ணும் பூஜ்யத்தில் முடிந்திருந்தது. எக்செல் வேலை அது. 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் தின்றுவிடும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் எக்செல்லையே இந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஆர்டரில் 24, பெட்டியில் 22 தான் இருக்கிறது என்றால் எதைப் போடுவது? பெட்டியில் இருப்பதைத்தான், `SN1**22*EA`. ஆர்டரிலிருந்து அப்படியே காப்பி செய்யாமல், பேக்கிங் மேசையில் ஸ்கேன் ஆன எண்ணிக்கையை எடுங்கள்.