ஒருவருக்காக எழுதத் தொடங்கியது எப்படி

மாடித் தோட்டம் பற்றி எழுதுகிறேன். மாவுப்பூச்சி கட்டுரையில் தெளிவாகச் சொன்னதையே வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாததுதான் காரணம் என்று தோன்றியது.

அதனால் என் வாசகர் எப்படிப்பட்டவர் என்று ஒரே ஆளாக உருவகிக்க முயன்றேன். முதலில் வாசகர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பின் பதில்களை வயது, ஊர் வாரியாகக் கூட்டினேன். ‘நகரத்தில் வாழும் 35 வயதுப் பெண்’ என்று வந்தது. அவருக்கு என்ன எழுதுவது? அடுத்து, கணிப்பையும் பின்னூட்டங்களையும் கலந்து வகைப்படுத்தினேன். நான்கு நாள் வீண். கணிப்பில் எல்லோரும் ஆசையைச் சொல்கிறார்கள் (‘இயற்கை உரம் வேண்டும்’). பின்னூட்டத்தில் சிக்கலைச் சொல்கிறார்கள். இரண்டையும் கலந்தால் தன்னைத்தானே மறுக்கும் ஆள்தான் கிடைப்பார்.

அதனால் இரண்டையும் பிரித்தேன். பின்னூட்டங்களை அவர்கள் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, கேள்விக்கு முன்னால் வரும் அரை வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிட்டேன். ‘வாடகை வீடு, மாடியில குழாய் இல்ல…’, ‘வாளியில தூக்கிட்டுப் போறேன்…’ கேள்வியை விட அந்த அரை வாக்கியத்தில்தான் ஆள் இருந்தார். குறைந்தது மூன்று பேர் சொன்ன விவரத்தை மட்டுமே சேர்த்தேன். கணிப்பிலிருந்து எடுத்தது ஒன்றுதான்: அவர் விரும்பும் தீர்வு, ரசாயனம் வேண்டாம் என்பது.

பழைய கட்டுரையில் ‘குழாயால் வேகமாக நீரைப் பீய்ச்சுங்கள்’ என்று எழுதியிருந்தேன். இப்படிக் கிடைத்த அந்த வாசகரிடம் குழாயே இல்லை! பழைய பல்துலக்கியால் பூச்சியைத் தேய்த்தெடுத்து, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்லி மாற்றினேன். திரும்பத் திரும்ப வந்த அந்தப் பழைய கேள்வி நின்றுவிட்டது. இப்போது வருவது, ‘இலைக்கு அடியிலும் தெளிக்கணுமா?’